நிலவு காலியாக இருக்கும் நேரம்

அண்மையில் நமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் நடந்தது இது. மகன் இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு நிறுவனத்திலிருந்து பணி ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. வாப்பாவிடம் கலந்து பேசினான். இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராவும் செய்தான். மனம் அந்த வேலையின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் அன்று காலை அவன் கையெழுத்திடவில்லை. இரவு வெகுநேரம் வரை காத்திருந்து, அதன் பிறகே ஒப்பந்தத்தை அனுப்பினான்.

உம்மா காரணம் கேட்டபோது முதலில் மழுப்பினான். பிறகு தன் கைப்பேசியிலிருந்த ஒரு செயலியைக் காட்டினான். அன்று காலை முதல் இரவு வரை நிலவு "வாய்ட் ஆஃப் கோர்ஸ்" என்னும் நிலையில் இருந்ததாம். அந்நேரத்தில் தொடங்குவது எதுவும் பலன் தராது என்று அச்செயலி எச்சரித்திருந்ததாம். "சில மணி நேரம்தானே உம்மா, இதனால் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு உம்மாவிடம் உடனடியாக விடையில்லை. மகன் தொழுகையை விடவில்லை, குறி கேட்க யார் வாசலுக்கும் போகவில்லை, வேலையும் கிடைத்துவிட்டது. எனினும் ஏதோ ஒன்று இடறியது. இன்று நம் பிள்ளைகள் பலருடைய கைப்பேசிகளில் இத்தகைய செயலிகள் இருப்பதால், அந்தக் கேள்வியை நாம் பொறுமையாக எடுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. "அது ஹராம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள், செயலியை மூடமாட்டார்கள்.

அந்த நேரம் என்பது யாது?

வானில் கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதையை மேற்கத்திய சோதிடம் முப்பது முப்பது பாகைகளாகப் பிரித்துப் பன்னிரண்டு ராசிகளாக்குகிறது. நிலவு ஒரு நாளில் ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது. ஆகவே ஒரு ராசியைக் கடக்க அதற்கு இரண்டே கால் நாள் அளவில் ஆகும். அவ்வாறு கடக்கும்போது, பிற கோள்களோடு அது சில குறிப்பிட்ட கோணங்களில் வந்து நிற்கும். ஒரே இடத்தில் சேர்தல், 60 பாகை, 90 பாகை, 120 பாகை, நேரெதிரே 180 பாகை ஆகிய ஐந்தும் முதன்மையானவை. இவற்றைச் சோதிடர்கள் பார்வை என்பர்.

ஒரு ராசிக்குள் இருக்கும்போது நிலவு தன் கடைசிப் பார்வையை முடித்துவிடுகிறது. அதன்பின் அந்த ராசியின் எல்லையைத் தாண்டும்வரை வேறெந்தக் கோளோடும் அதற்குப் பார்வை அமைவதில்லை. இந்த இடைவெளியே வாய்ட் ஆஃப் கோர்ஸ், அதாவது வெறுமையான ஓட்டம். சில வேளை அது சில நிமிடங்களே நீடிக்கும். சில வேளை ஒரு நாளுக்கும் மேலாக நீளும். வானத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. நிலவு நிற்பதில்லை, மங்குவதில்லை, வழி விலகுவதுமில்லை. இடைவெளி வானத்தில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள்? பழைய சோதிடர்களின் சிந்தனையில் நிலவு ஒரு தூதன். கோள்களிலேயே விரைந்து செல்வது அதுதான். ஆகவே ஒரு கோளின் ஒளியை எடுத்துச் சென்று மற்றொன்றிடம் சேர்ப்பது அதன் பணி என்று கருதினார்கள். பார்வை அமையும்போது செய்தி கைமாறுகிறது, காரியம் நடக்கிறது. இனிப் பார்வையே இல்லை என்றால், கடிதம் கையிலிருந்தும் கொடுக்க வீடில்லாத தபால்காரரைப் போல நிலவு நடந்துகொண்டிருக்கிறது. அந்நேரத்தில் தொடங்கிய காரியம் போய்ச் சேர இடமில்லாமல் வீணாகும் என்பதே அவர்களுடைய வாதம். அதனால்தான் ஒப்பந்தம், புதிய தொழில், பெரும் கொள்முதல், நேர்முகத் தேர்வு ஆகியவற்றைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். ஓய்வு, வழக்கமான வேலை, தியானம் ஆகியவற்றுக்குத் தடையில்லை என்பார்கள்.

தொடக்கத்தில் இது எல்லோருக்குமான நாட்காட்டியாக இருக்கவில்லை என்பதையும் அறிய வேண்டும். ஆங்கிலச் சோதிடர் வில்லியம் லில்லி 1647ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நிலையைப் பற்றி எழுதியபோது, அது பெரிதும் ஒருவர் வந்து கேட்ட கேள்விக்கு அக்கணத்துக் கட்டத்தைப் பார்த்துச் சொல்லும் விடையோடு தொடர்புடையதாகவே இருந்தது. அதிலும் ரிஷபம், கடகம், தனுசு, மீனம் ஆகிய நான்கு ராசிகளில் நிலவு வெறுமையாக இருந்தாலும் ஓரளவு பயன் தரும் என்று அவர் விலக்கு அளித்தார். 20ஆம் நூற்றாண்டில் அல் எச். மாரிசன் என்னும் அமெரிக்கச் சோதிடர் இந்நேரங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டுப் பரவலாக்கினார். இப்போது செயலிகள் அப்பட்டியலை உலகெங்கும் எல்லோருடைய சட்டைப் பைக்கும் கொண்டுவந்துவிட்டன. லில்லியின் விலக்குகள் பல பட்டியல்களில் இல்லை. அச்சம் மட்டும் தங்கிவிட்டது.

ஒரே நிலவு, நான்கு தீர்ப்புகள்

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது நாமே அமைத்த எடுத்துக்காட்டு. எளிமைக்காகச் சில கோள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நிலவு ரிஷப ராசிக்குள் நுழைகிறது. சூரியன் கடகத்தில் 8ஆம் பாகையிலும், சனி மீனத்தில் 14ஆம் பாகையிலும், வியாழன் கன்னியில் 22ஆம் பாகையிலும் இருக்கின்றன. மற்றவை ரிஷபத்தோடு பார்வை அமையாத ராசிகளில் உள்ளன என்று கொள்வோம்.

நிலவு ரிஷபத்தின் 8ஆம் பாகைக்கு வரும்போது சூரியனுக்கு 60 பாகையில் நிற்கும். 14ஆம் பாகையில் சனிக்கு 60 பாகையில் நிற்கும். 22ஆம் பாகையில் வியாழனுக்கு 120 பாகையில் நிற்கும். அதுவே கடைசிப் பார்வை. ராசி முடிய இன்னும் 8 பாகை உள்ளது. மணிக்கு அரைப் பாகைக்குச் சற்று மேலாக நகரும் நிலவு அதைக் கடக்க ஏறத்தாழ பதினான்கரை மணி நேரம் ஆகும். லில்லியின் காலத்துக் கோள்களைக் கொண்டு கணக்கிட்டால், நம் மகன் பதினான்கரை மணி நேரம் கையெழுத்திடாமல் இருக்க வேண்டும்.

ஆனால் லில்லிக்கு யுரேனஸ் தெரியாது. அது 1781இல் கண்டறியப்பட்டது. நெப்டியூன் 1846இலும் புளூட்டோ 1930இலும் கண்டறியப்பட்டன. இன்றைய சோதிடர் பலர் இம்மூன்றையும் கணக்கில் சேர்க்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் புளூட்டோ மகரத்தில் 29ஆம் பாகையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடனே நிலவின் கடைசிப் பார்வை 22இலிருந்து 29ஆம் பாகைக்குப் போய்விடுகிறது. மிச்சம் ஒரே ஒரு பாகை. பதினான்கரை மணி நேரம் சுருங்கி இரண்டு மணிக்கும் குறைவாகிவிடுகிறது. 2006இல் வானியலாளர்கள் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து எடுத்துக் குறுங்கோள் ஆக்கினார்கள். அதனால் சோதிடர்கள் அதை விட்டுவிடவில்லை. சேர்ப்பதும் விடுவதும் அவரவர் விருப்பமாக இருக்கிறது.

மூன்றாவதாக, ராசியின் எல்லை எது? மேற்கத்தியச் சோதிடம் மேஷத்தின் தொடக்கத்தை மார்ச் மாதச் சமஇரவு நாளோடு கட்டிவைத்திருக்கிறது. இந்தியச் சோதிடம் விண்மீன்களோடு கட்டிவைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே இன்று ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு. மேற்கத்தியக் கணக்கில் ரிஷபத்தின் 22ஆம் பாகையில் இருக்கும் நிலவு, இந்தியக் கணக்கில் இன்னும் மேஷத்தின் 28ஆம் பாகையில்தான் நிற்கிறது. அந்த எல்லையை வைத்து இதே விதியைப் பொருத்தினால், இரண்டு பாகையில், அதாவது நான்கு மணி நேரத்துக்குள் ராசி மாறி வெறுமை தீர்ந்துவிடும்.

நான்காவது விடை மிகப் பழையது. கிரேக்கச் சோதிடத்தில் இந்நிலைக்கு வேறு வரையறை இருந்தது. ராசி எல்லையைப் பொருட்படுத்தாமல், அடுத்த 30 பாகைத் தொலைவுக்குள் நிலவுக்கு ஒரு பார்வையும் அமையாவிட்டால்தான் அது வெறுமை. நம் எடுத்துக்காட்டில் நிலவு மிதுனத்தின் 14ஆம் பாகைக்கு வந்ததும் மீனத்திலுள்ள சனிக்கு 90 பாகையில் நிற்கும். 22ஆம் பாகையிலிருந்து அது 22 பாகைத் தொலைவே. ஆகவே அந்தப் பழைய விதிப்படி வெறுமையே இல்லை.

பதினான்கரை மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, நான்கு மணி நேரத்துக்கும் குறைவு, ஒன்றுமே இல்லை. நிலவு ஒன்று, கோள்கள் அவையே, மகனும் அவனே. அவன் எவ்வளவு நேரம் அஞ்ச வேண்டும் என்பதை வானம் முடிவு செய்யவில்லை. செயலியை எழுதியவர் எந்த விதியைத் தேர்ந்தெடுத்தார் என்பதே முடிவு செய்தது.

"ஆனால் அனுபவத்தில் பார்த்திருக்கிறோமே" என்பார்கள். நிலவு 27 நாளுக்குச் சற்று மேலான காலத்தில் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவிடுகிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 160 முறை ராசி மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் சிறியதோ பெரியதோ ஓர் இடைவெளி இருக்கும். ஆண்டுக்கு 160 முறை வரும் ஒன்றோடு, வாழ்வில் தவறிப்போன எந்தக் காரியத்தையும் முடிச்சுப் போடுவது எளிது. அதே நேரங்களில் நன்றாக முடிந்த காரியங்களை யாரும் குறித்துவைப்பதில்லை. அந்நேரம் கடக்கக் காத்திருந்தும் கெட்டுப்போன காரியங்களையும் எண்ணுவதில்லை.

இது நம் நூல்களின் வழியாகவும் வந்தது

இதை மேலைநாட்டாரின் மூடநம்பிக்கை என்று சொல்லி நாம் கை கழுவிவிட முடியாது. இந்தக் கருத்து கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்குப் போன பாதை அரபு மொழியின் வழியாகச் சென்றது. அரபியில் இதன் பெயர் "காலியுஸ் ஸைர்", ஓட்டம் காலியானது என்று பொருள். நாம் வீடு காலி, பாத்திரம் காலி என்று பேசும் அதே காலிதான். 9ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய சஹ்ல் இப்னு பிஷ்ர் என்னும் யூதச் சோதிடர் இதை விளக்கினார். அரபு நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது இதுவும் ஐரோப்பாவுக்குச் சென்றது. ஆங்கிலப் பெயர் அதன் நேர் பெயர்ப்பே ஆகும்.

முஸ்லிம் அரசவைகளும் இதற்கு இடம் கொடுத்தன. 762இல் கலீஃபா அல்மன்ஸூர் பக்தாதுக்கு அடிக்கல் நாட்டியபோது, நவ்பக்த், மாஷாஅல்லாஹ் ஆகிய சோதிடர்களைக் கொண்டே நேரம் குறித்தார். அப்படி நேரம் பார்த்துக் கட்டிய நகரம் 1258இல் மங்கோலியர் கையில் அழிந்தது.

ஆனால் மறுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அல்பீரூனி 1029இல் எழுதிய தஃப்ஹீம் என்னும் நூலில் வானியலையும் சோதிடத்தின் விதிகளையும் கற்பிக்கிறார். அத்தகையவரே சோதிடப் பலன்களில் தமக்குப் பிடிப்பில்லை என்பதை அந்நூலில் மறைக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் இப்னுல் கய்யிம் சோதிடரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரிவாக மறுத்தார். நிலவின் ஓட்டத்தைக் கணிப்பது ஒரு கல்வி. அந்த ஓட்டம் ஒப்பந்தத்தைக் கெடுக்கும் என்பது வேறொரு கூற்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற நல்ல பழக்கம்.

நிலவு நமக்கு எதற்கு?

நிலவை நாம் புறக்கணிப்பவர்கள் அல்லர். நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜும் பிறையைப் பார்த்தே வருகின்றன. நிலவுக்குத் தங்குமிடங்களை விதித்திருப்பதாக அல்லாஹ் சூரா யாஸீனில் குறிப்பிடுகிறான். நமக்கு நிலவு காலத்தைச் சொல்லும் அடையாளம். காலத்துக்குள் என்ன நடக்கும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. கடிகாரத்தில் மணி பார்ப்பவர், முள்தான் தம் நாளை நடத்துகிறது என்று கருதுவதில்லை.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த இறப்புக்காகவே கதிரவன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். மகனைப் பறிகொடுத்த துயரத்திலும் அவர்கள் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் சான்றுகள், எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ அவற்றில் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பிழையான நம்பிக்கையைக்கூட அவர்கள் ஏற்கவில்லை.

நேரத்தைப் பற்றிய அச்சத்துக்கும் முன்மாதிரி உண்டு. அக்கால அரபிகள் ஷவ்வால் மாதத்தில் மணமுடிப்பதைத் தவிர்த்துவந்தார்கள். தம்முடைய திருமணமும் இல்லறத் தொடக்கமும் ஷவ்வாலிலேயே நடந்தன என்று ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துச் சொல்லி, நபியவர்களின் மனைவியரில் தம்மைவிடப் பேறு பெற்றவர் யார் என்று கேட்டார்கள். நஹ்ரவான் போருக்குப் புறப்பட்ட அலீ (ரலி) அவர்களை, அந்நேரத்தில் கிளம்பினால் தோல்வி என்று ஒரு சோதிடர் தடுத்ததாகவும், அவர்கள் அல்லாஹ்வை நம்பி அதே நேரத்தில் புறப்பட்டு வென்றதாகவும் வரலாற்றில் பதிவாகியுள்ளது.

அந்த மகனுக்குச் சொல்ல வேண்டியது

"சில மணி நேரம்தானே, என்ன குறைந்தது?" என்ற கேள்விக்கு இனி வருவோம்.

களைப்பாக இருக்கிறது, நாளை நிதானமாகப் படித்துக் கையெழுத்திடுகிறேன் என்று அவன் காத்திருந்தால் அதில் குறையே இல்லை. அது அறிவுடைமை. மழை பார்த்து விதைப்பதும், காற்று பார்த்துக் கடலுக்குப் போவதும் அதைப் போன்றவை. அங்கே காரணத்துக்கும் விளைவுக்கும் கண்ணுக்குத் தெரியும் தொடர்பு உண்டு. அவசரப்படாமல் இருக்க இந்தச் செயலி உதவுகிறது என்று சிலர் சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். அவசரத்தைத் தவிர்ப்பது நல்லதே. ஆனால் செயலி "நேரம் சரி" என்று சொல்லும்போது அதே மனிதர் படிக்காமலே கையெழுத்திட்டால், அவர் கற்றுக்கொண்டது நிதானம் அன்று.

குறைந்தது வேறொன்று. இஸ்திகாராவில் நாம் கேட்பது என்ன? யா அல்லாஹ், நீ அறிவாய், நான் அறியேன். உனக்கு ஆற்றல் உண்டு, எனக்கு இல்லை. இதில் நன்மை இருந்தால் எளிதாக்கு, தீமை இருந்தால் விலக்கு என்று முழுப் பொறுப்பையும் அவனிடம் ஒப்படைக்கிறோம். அவ்வாறு ஒப்படைத்துவிட்டு எழுந்த கையோடு, அது பலிக்குமா என்று வேறோர் இடத்தில் சரிபார்த்தால், முதலில் கேட்டது முழுமையாகக் கேட்கப்படவில்லை என்றாகிறது. வேலை இடம் மாறவில்லை, சம்பளம் குறையவில்லை. தவக்குல் ஓரிடத்திலிருந்து நகர்ந்து இன்னோரிடத்தில் போய் உட்கார்ந்தது. உம்மாவின் மனத்தில் இடறியது அதுதான் என்று எண்ணுகிறோம்.

எனினும் அவனைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. சகுனம் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி நபித்தோழர் ஒருவர் வினவியபோது, அது மக்கள் தம் நெஞ்சில் உணரும் ஒன்று, அது அவர்களைத் தடுத்துவிட வேண்டாம் என்ற பொருளிலேயே நபியவர்கள் விடையளித்தார்கள். ஐயம் எழுவது மனித இயல்பு. அதற்குக் கீழ்ப்பட்டுக் கையை நிறுத்திக்கொள்வதே நோய். ஆகவே மருந்தும் எளிது. செயலி வேண்டாம் என்று சொன்ன நேரத்திலேயே, பிஸ்மில்லாஹ் சொல்லி, படித்துச் சரிபார்த்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. பிறகு அச்செயலியை நீக்கிவிடுவது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லும் முன் நம் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஸஃபர் மாதம் பீடை மாதம் என்று நிக்காஹைத் தள்ளிவைப்பவர்களும், ஒடுக்கத்துப் புதனன்று பயணத்தைத் தவிர்ப்பவர்களும் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். ஸஃபரில் அத்தகைய தீங்கு இல்லை என்பது நபிமொழி. நாம் ஒரு மாதம் முழுவதையும் தள்ளிவைத்துவிட்டு, அவன் பதினான்கு மணி நேரத்தைத் தள்ளிவைத்ததற்காக வருந்தினால், மகன் நம்மைப் பார்த்துத் திரும்பக் கேட்பான். அப்போது அவன் கேட்பதில் நியாயம் இருக்கும்.

உம்மா அவனிடம் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "நீ தொழுது கேட்டபோது, நிலவைப் படைத்தவனிடம்தானே கேட்டாய்?" மகன் விடை சொல்லவில்லை. மறுமுறை தொலைபேசியில் பேசியபோது, அந்தச் செயலி இப்போது கைப்பேசியில் இல்லை என்று தானாகவே சொன்னானாம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.